கிடங்கில் ஆர்டருக்குப் பொருள் எடுக்கும் பிக்கிங் ஓடும்போதே ஸ்டாக் எண்ணுபவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஒரகடம் ஷிப்ட்: ரேக்கில் தேங்காய் எண்ணெய் வைக்கும் பின், அதாவது அதற்கென்று ஒதுக்கிய இடம். திரும்பத் திரும்ப எண்ணினாலும் 36தான், சிஸ்டத்தில் 48. 12 குறைவு என்று ஷீட்டில் எழுதினேன். காரணம் தெரியாததால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். சூப்பர்வைசர் கையோடு 12ஐக் கழித்துவிட்டார். அந்தப் 12 பாட்டிலும் ஒரு பிக்கரின் டிராலியில் இருந்திருக்கிறது! எங்கள் இடத்தில் பேக்கிங் டேபிளில் இறக்கிய பிறகுதான் கன்ஃபர்ம் அழுத்துவார்கள். அவர் அழுத்தியதும் இன்னொரு 12 போனது. இப்போது சிஸ்டத்தில் 24, ரேக்கில் 36. மதியம் 30 பாட்டில் ஆர்டர் ஒன்று ஸ்டாக் இல்லை என்று திரும்பியபோது நான் அந்த ரேக் முன்னால்தான் நிற்கிறேன்.

நைட் ஷிப்ட் ஆள்: பின்னை லாக் பண்ணிவிட்டு எண்ண வேண்டியதுதானே. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

இன்வென்டரி அக்கா: லாக் பண்ணினால் புது பிக் விழாது, சரி. ஏற்கெனவே டாஸ்க் வாங்கிக்கொண்டு பொருளையும் எடுத்துப் போனவரை உங்கள் லாக் என்ன செய்யும்? ஒரகடம் தம்பிக்கு நடந்தது அதுதான். வேகமாக ஓடும் பின்னைப் பகலில் பூட்டினால் ஆர்டரெல்லாம் ஷார்ட் அடிக்கும், அது வேறு. நான் எண்ணப் போகும் முன் அந்தப் பின்னில் முடியாத பிக் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அடுத்த பின்னுக்குப் போய்விட்டு, அந்த வேவ், அதாவது ஒன்றாக விட்ட அந்தத் தொகுதி பிக்கெல்லாம், முடிந்ததும் திரும்பி வருவேன். காத்திருக்க முடியாதென்றால் டிராலியில் இருப்பதையும் கூட்டி, எண்ணிய நேரத்தையும் எழுதுவேன். அப்படியும் வித்தியாசம் வந்தால் உடனே அதைச் சிஸ்டத்தில் போஸ்ட் பண்ண விடமாட்டேன். வேறொருவர் சிஸ்டம் கணக்கைப் பார்க்காமல் எண்ண வேண்டும். 48 என்று திரையில் தெரிந்தால் பாதிப் பேர் 48தான் எண்ணுவார்கள். பக்கத்துப் பின்னையும் ஒரு பார்வை பாருங்கள் தம்பி. இங்கே 20 குறைந்தால் பல நேரம் அங்கே 20 கூடியிருக்கும், இறக்கியவர் மாற்றி வைத்திருப்பார்.

மொத்தக் கடை: நாங்கள் மார்ச் 31 அன்று கடையை மூடி ஒரே மூச்சில் எண்ணிவிடுவோம். எலி கடித்த மூட்டையைத் தனியாக எழுதுவோம். இந்தத் தொல்லையே கிடையாது.

இன்வென்டரி அக்கா: அண்ணே, அது வருஷக் கணக்கு. இங்கே ஆர்டர் நிற்காது.

பிக்கர்: எல்லாரும் எங்கள் தலையிலேயே போடுங்கள். ஒவ்வொரு பின்னிலும் நின்று கன்ஃபர்ம் அழுத்தினால் ஒரு மணி நேரத்துக்கான டார்கெட்டை யார் முடிப்பது? எண்ண வருபவர் ஏணியைச் சந்து நடுவில் போட்டால் டிராலியைத் திருப்பக்கூட முடியாது. எந்தப் பின்னை எண்ணுகிறீர்கள் என்று ஒரு குரல் கொடுத்தால் கையில் இருப்பதைச் சொல்ல மாட்டோமா?

ஒரகடம் ஷிப்ட்: பிக்கர் சொல்வது நியாயம்தான். அந்தப் 12ஐத் திருப்பி ஏற்றக் கேட்டேன். கூட்டுவதற்கு மேனேஜர் ஒப்புதல் வேண்டும், அடுத்த கவுண்டில் தானாக வந்துவிடும் என்கிறார் சூப்பர்வைசர். அந்தப் பின்னுக்கு அடுத்த கவுண்ட் அடுத்த மாதம்.