அப்பா பெயர் 30 எழுத்து, டிக்கெட் படிவம் ஏற்பது 20: எங்கே வெட்டுவது?

தேன்மொழி
சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அப்பாவை அனுப்ப விமான டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் MEENAKSHISUNDARAM (தாத்தா பெயர்). சொந்தப் பெயர் VENKATASUBRAMANIAN KARTHIKEYAN. (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், நீளம் அதேதான்.) குடும்பப் பெயர் கட்டத்தில் சிக்கல் இல்லை. மற்றொரு கட்டம் இடைவெளியையும் சேர்த்து 20 எழுத்துக்கு மேல் ஏற்க மறுக்கிறது. எதை விடுவது? விமான நிலையத்தில் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கோவை ராஜா
இதற்கா பயம்? வீட்டில் கார்த்திகேயன் என்றுதானே கூப்பிடுவீர்கள்? V KARTHIKEYAN என்று போட்டுவிடுங்கள். முன்னெழுத்து நம் ஊர் வழக்கம்தானே.

பழைய டிக்கெட்காரன்
ராஜா தம்பி, சுருக்கலாம் என்பது சரி. சுருக்கிய இடம் தவறு. பயண முகவர் அலுவலகத்தில் இருபது வருடம் டிக்கெட் அடித்தவன் சொல்கிறேன். கவுன்ட்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டையும் முன்பதிவையும் இடமிருந்து வலமாக ஒப்பிடுகிறார். முதல் எழுத்துகள் ஒத்துப்போய் கடைசியில் வால் அறுந்திருந்தால், இடம் போதவில்லை என்று அவருக்குப் புரியும். தலையை வெட்டி வாலை வைத்தால் அது வேறொரு ஆளின் பெயர். VENKAT என்று செல்லமாகச் சுருக்குவதும் வேண்டாம்.

தேன்மொழி அம்மா, அப்பா பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் << குறிகளோடு இரண்டு வரி இருக்கும். அதில் முதல் வரியை அப்படியே இங்கே எழுதுங்கள், பெயரை மட்டும் மாற்றி.

தேன்மொழி
```
P<INDMEENAKSHISUNDARAM<<VENKATASUBRAMANIAN<K
```
ஐயா, இதிலேயே பெயர் முழுதாக இல்லை! பாஸ்போர்ட்டே தவறா?

பழைய டிக்கெட்காரன்
தவறில்லை. அந்த வரியின் நீளம் உலகம் முழுவதும் 44 இடம். முதல் ஐந்து ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போகிறது, மீதி 39 பெயருக்கு. உங்கள் அப்பாவுக்கு 17, நடுவே இரண்டு குறி, பிறகு 18, ஒரு குறி, K. சரியாக 39 நிரம்பிவிட்டது. பெயர் முழுதாக அடங்கியிருந்தால் வரியின் கடைசியில் < குறிகள் மிஞ்சும். எழுத்தில் முடிந்தால் வெட்டுப்பட்டிருக்கலாம் என்று பொருள். மேலே அச்சாகியிருக்கும் முழுப் பெயர்தான் பெயர்.

உங்கள் படிவத்துக்கும் இதையே எடுங்கள்: VENKATASUBRAMANIAN K. எண்ணிப் பாருங்கள், இடைவெளியோடு 20. குடும்பப் பெயரைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட் விவரம் கேட்கும் தனிப் பக்கம் வரும். அங்கே இடம் இருந்தால் முழுப் பெயர். பிறகு விமான நிறுவனத்தை அழைத்து, வெட்டியதை முன்பதிவில் குறிப்பாக ஏற்றச் சொல்லி, மின்னஞ்சலிலும் பதில் வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் வேறுவிதம் சொன்னால் அவர்கள் சொல்வதுதான்.

ஷார்ஜா சலீம்
எனக்கு நேர் எதிர்! பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், குடும்பப் பெயர் கட்டம் காலி. 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசா கிடையாது என்றபோது தம்பியின் பயணம் நின்றது. நானும் இப்படி வெட்டலாமா?

பழைய டிக்கெட்காரன்
சலீம், உங்களிடம் வெட்ட என்ன இருக்கிறது? அது வேறு கதை, தனியாகக் கேளுங்கள்.

நங்கநல்லூர் மாமி
ஒன்று சேர்க்கிறேன். சில தளங்கள் தடுக்காது, சத்தமில்லாமல் விழுங்கிவிடும். என் மாமனாரின் குடும்பப் பெயரில் கடைசி நான்கு எழுத்து அப்படித்தான் போயிற்று. பயணத்துக்கு முதல் நாள் முன்பதிவு எண்ணும் முழுக் குடும்பப் பெயரும் கொடுத்தால் ‘அப்படி முன்பதிவே இல்லை’ என்றது. வெட்டுப்பட்ட வடிவத்தைக் கொடுத்ததும் திறந்தது. பணம் கட்டும் முன் சரிபார்க்கும் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிடுங்கள்.

தேன்மொழி
டிக்கெட் எடுத்துவிட்டேன். வந்த சீட்டில் VENKATASUBRAMANIANKMR என்று இருக்கிறது! இந்த KMR யார்?

பழைய டிக்கெட்காரன்
K உங்களுடையது, MR ‘திரு’. இடைவெளியை விழுங்கி மரியாதையை ஒட்டிவிடுவது அந்த மென்பொருளின் பழக்கம். போர்டிங் பாஸ் வந்ததும் மறுபடி பதறாதீர்கள்: அதன் கோட்டுக்குறியில் பெயருக்கு மொத்தமே 20 இடம். உங்கள் அப்பா அதில் MEENAKSHISUNDARAM/VE ஆகிவிடுவார். சிங்கப்பூர் வருகை அட்டையில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரை எழுதுங்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

தேன்மொழி
நன்றி ஐயா. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அப்பாவின் பழைய பயணப் புள்ளிக் கணக்கு KARTHIKEYAN V என்ற பெயரில் இருக்கிறது. இந்தப் பயணத்தின் புள்ளிகள் அதில் சேருமா?

கோவை ராஜா
பார்த்தீர்களா, அதைத் திறந்தவரும் என்னைப் போலத்தான் யோசித்திருக்கிறார். சேருமா என்பது எனக்கும் தெரிய வேண்டும்.