‘தர்மம்’ என்றால் ‘அறம்’, இதற்கு ஆறு பக்கக் குறிப்பா?

சொல்லேர்: கீதைக்கு ஆய்வுப்பதிப்பாம். மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் ஆறு பக்கம், ‘தர்மத்துக்கு ஒற்றைச்சொல் கிடையாது’ என்று ஒரே புலம்பல். ‘அறம்’ என்று போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? கந்தகார் கல்வெட்டில் அசோகனே கிரேக்கத்தில் ஒரே சொல்லில் முடித்துவிட்டான்.

நிகண்டு: கல்லைப் பாதியில் படித்தால் இப்படித்தான். 1958இல் கிடைத்த அந்தக் கல்லில் மேலே கிரேக்கம், கீழே அரமேயம். கிரேக்கத்தில் ‘யூசெபெயா’: தெய்வத்திடமும் பெற்றோரிடமும் காட்டும் பயபக்தி. அரமேயத்தில் அந்த இடத்தில் நிற்பது ‘உண்மை’ என்று பொருள்படும் சொல். அரசன் ஒருவன், கல் ஒன்று, பெயர்த்தவர்கள் போனது இரண்டு திசை.

சொல்லேர்: மொழிக்கு ஒரு சொல்தானே வந்தது? நானும் அதைத்தானே சொன்னேன்?

மருதன்: சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில மகாபாரதத்தில் அதை மொழிபெயர்த்த வான் பியூட்டனனும் பெரும்பாலும் ‘சட்டம்’ என்ற ஒரே சொல்லைத்தான் வைத்தார். ஆகவே சொல்லேர் சொல்வதில் ஞாயம் இருக்கிறது.

நிகண்டு: வைக்கலாம், விலை கொடுக்கவேண்டும். அசோகனின் தம்மம் சின்ன வட்டம்: உயிரைக் கொல்லாதே, பெற்றோர் சொல் கேள். அதற்கு ஒரு சொல் தாங்கும். கீதையில் தாங்காது. 2.31ஐ எடுங்கள். முதல் வரியில் ‘ஸ்வதர்மம்’, அர்ஜுனன் பிறந்த குலத்தின் கடமை. அடுத்த வரியிலேயே ‘தர்ம்ய’ யுத்தம், நியாயமான போர். 9.3இல் ‘இந்தத் தர்மத்தில்’ சிரத்தை இல்லாதவர்கள் என்கிறான் கிருஷ்ணன். அங்கே அது அவன் சொல்லிக்கொண்டிருக்கும் உபதேசம். கடைசியில் 18.66, ‘ஸர்வதர்மாந் பரித்யஜ்ய’. உங்கள் சொல்லைப் போட்டுப் பாருங்கள்: ‘எல்லா அறங்களையும் விட்டுவிட்டு என்னைச் சரணடை.’ தமிழில் அறத்தை விட்டவனுக்கு என்ன பெயர்?

சொல்லேர்: பன்மையை வைத்துப் பூச்சாண்டி காட்டுகிறீர்கள். கிரேக்கத்தில் ஒரே சொல்.

நிகண்டு: அந்தப் பன்மைதான் பிரச்சினை. ‘தர்மம் என்றதில் அதர்மமும் அடங்கும், எல்லாக் கருமங்களையும் துற’ என்று உரை சொல்கிறார் சங்கரர். ராமானுஜர் கருமத்தை விடச் சொல்லவில்லை. செய்துகொண்டே பலனையும் ‘நான் செய்கிறேன்’ என்பதையும் விடு என்கிறார். ‘அறங்கள்’ என்று எழுதினால் இரண்டு உரைக்கும் வாசல் அடைபட்டுப்போகும். ‘கடமைகள்’ என்றால் இரண்டும் ஏதோ நுழையும், ஆனால் 9.3இல் கடமை உளறல். சரி, இடத்துக்கு ஒரு சொல் வைப்போம் என்றால் இன்னொரு நஷ்டம். ஸ்வதர்மத்தைப் பிடி என்றவனே முடிவில் தர்மங்களை விடு என்கிறான். அந்த அதிர்ச்சி வடமொழியில் காதில் விழும், தமிழில் விழாது. ஆய்வுப்பதிப்பில் செய்யக்கூடியது இதுதான்: சொல் வரும் இடமெல்லாம் தொகுத்து, கூட்டுச்சொற்களைத் தனியே பிரித்து, பொருளுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று கட்டி, மூலத்தில் இருப்பது ‘தர்மம்’ என்று காட்டப் பக்கத்தில் ஒரு குறி. ஏன் அப்படி என்று சொல்லத்தான் ஆறு பக்கம்.

மருதன்: ‘தர்மம்’ என்றே விட்டுவிட்டால்? ஆங்கிலத்தில் பலர் அப்படித்தானே செய்கிறார்கள்.

நிகண்டு: ஆங்கில வாசகனுக்கு அது அந்நியச் சொல், சற்று நின்று யோசிப்பான். நமக்கு ‘தர்மம் போடுங்க சாமி’, தர்மகர்த்தா, தர்ம அடி. தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விடுவோம். தமிழில் அப்படியே விடுவதுதான் அதிக ஆபத்து.

தெருக்கோடி: திரி நன்றாக இருக்கிறது. தர்ம அடி எப்படி வந்தது? காசு வாங்காமல் அடிப்பதாலா? தர்மாஸ்பத்திரி மாதிரி?

மருதன்: ஆமாம், இலவசம் என்பதுதான். ஊரே சேர்ந்து போடும் தானம்.

சொல்லேர்: வள்ளுவர் ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்’ என்றார். இதில் குலமும் இல்லை, போரும் இல்லை. அறம் தர்மத்தைவிடப் பெரிய சொல். குறையைச் சுமத்துகிறவர்களுக்கு வடமொழி மயக்கம்.

நிகண்டு: பெரிய சொல் என்றால் பொருந்தாது என்றுதானே அர்த்தம்? உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள். பரிமேலழகர் வேறு, அறமாவது மநு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்று எழுதிவைத்திருக்கிறார்.

சொல்லேர்: வந்துட்டார்யா பரிமேலழகரோடு. போன மாசம் ‘ஊழ்’ திரியிலும் இதே ஆளைத்தான் கூட்டிவந்தீர்கள். குறளுக்கு உரை எழுதியவர் அவர் ஒருத்தர்தானா? மணக்குடவர் என்ன பாவம் செய்தார்?

நிகண்டு: ‘ஊழ்’ திரியில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். 18.66க்கு இன்னும் பதில் வரவில்லை.

சொல்லேர்: கிரேக்கத்தில் ஒரே சொல். அதற்குப் பதில் வந்துவிட்டதா?

தெருக்கோடி: அப்போ தர்மசங்கடம்?