புதுப்பிப்பு: 90% ஒத்துப்போச்சு, ஆனா கப்பா கம்மி

என் பழைய கேள்வி: "ஒரு தேடலுக்கு வந்த 100 பக்கம் பொருத்தமா இல்லையான்னு ரெண்டு பேரைக் குறிக்கச் சொன்னேன், 90க்கு ஒரே பதில் சொன்னாங்க, அப்புறம் ஏன் தற்செயலா ஒத்துப்போறதைக் கழிச்சுப் பார்க்கிற கப்பா அளவு 0.44 தான் வருது?"

காரைக்குடி அக்கா ஒருத்தங்க கணக்கை பிரிச்சு காட்டிட்டாங்க. தேடல் 'ஆத்தங்குடி டைல்ஸ்'. ஆளுக்கு 10 பக்கம் பொருத்தம்னு குறிச்சாங்க, அதுல பொதுவா இருந்தது வெறும் 5, ரெண்டு பேரும் தள்ளினது 85. இப்படி பத்துக்கு ஒண்ணுன்னு கண்ணை மூடிட்டு குறிச்சாலே 0.1×0.1 + 0.9×0.9 = 0.82 ஒத்துப்போயிடுமாம், அதைக் கழிச்சா:

```
(0.90 - 0.82) / (1 - 0.82) = 0.44
```

"ஒருத்தர் அசால்ட்டா குறிச்சிருக்காரு, ஆளை மாத்துங்க"ன்னாரு ஒரு அண்ணன். பாதி சரி, ஒண்ணு ரெண்டு அவசரத்துல குறிச்சதுதான். ஆனா முரண்பட்ட 10ஐயும் திறந்து பார்த்தா முக்கால்வாசி விலைப்பட்டியலும் கண்ணாடி மேல கலவை ஊத்தி டைல்ஸ் செய்யுற விதமும்தான், ஒருத்தர் வீட்டுக்கு தரை போடுறவர் மாதிரி நினைச்சிருக்காரு, இன்னொருத்தர் வரலாறு தேடுறவர் மாதிரி. தேடுறவர் யாருன்னு நான் கொடுத்த குறிப்புல இல்லவே இல்ல.

(சதுர அடி என்ன விலைன்னு கேட்ட ஆச்சி, நான் கடை வைக்கல!)

குறிப்பை மாத்தி வேற 100 பக்கம் கொடுத்திருக்கேன். பழைய 10க்கு மூணாவது ஆளை வைக்கலாமான்னு அக்காகிட்ட கேட்டா, "ஓட்டு போட்டா பதில் கிடைக்கும், சந்தேகம் போகாது"ங்கிறாங்க, இன்னும் முடிவாகல.