சுவரில் நேராகப் போகிற செட், ஆட்டத்தில் மட்டும் கோணலாகப் போவது ஏன்?

கேட்டவர்:

எங்கள் ஊர் வாலிபால் டீமில் அட்டாக்கருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டராக இருந்த அண்ணன் வேலைக்கு வெளியூர் போய்விட்டார். உயரம் கம்மி, ஓடுவேன் என்பதால் அந்த இடத்தில் என்னை நிற்க வைத்துவிட்டார்கள். நாலு மாதமாகிறது. தினமும் சாயங்காலம் சுவரில் நூறு செட் அடிக்கிறேன், போட்ட கோட்டுக்கு மேலேயே பட்டுத் திரும்புகிறது, சுழற்சியே இல்லை. ஆனால் ஆட்டத்தில் வலையோரம் இடது பக்கம், 4-ஆம் இடத்து அட்டாக்கருக்குத் தூக்கினால் பந்து பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு வலையை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே போய் விழுகிறது, இல்லாவிட்டால் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறது. போன ஞாயிறு மேட்சில் மூன்று முறை டபுள் டச், பந்து கையில் இரண்டு தடவை பட்டது என்று விசில். விரலை எப்படி வைப்பது, கட்டைவிரல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யாராவது சரியாகச் சொல்லுங்கள். வீடியோ பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் மிச்சம்.

மாலை நேர ஆட்டக்காரர்:

தம்பி, விரலில் பலம் இல்லை, அதுதான் விஷயம். விரல் நுனியில் தண்டால் எடு, ஒரு மாதத்தில் தெரியும். பந்து சுற்றினாலே டபுள்தான், அதனால் கொஞ்சம் உள்ளே வாங்கி மெதுவாக விடு. அதோடு இப்போது டபுள் டச் விதியையே எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன், உங்கள் ரெஃப்ரிக்கு அது தெரியவில்லை போல.

பழைய லிஃப்டர்:

விரல் தண்டால் எடுக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் நூறு முறை சுழற்சி இல்லாமல் சுவருக்குப் போகிறது என்றால் அந்தக் கையில் பெரிய கோளாறு இருக்க முடியாது. சுவரில் அடிக்கும்போது பந்து எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திரும்பப் போகிறது, உங்கள் முகமும் அந்தப் பக்கமே இருக்கிறது. ஆட்டத்தில் அப்படி இல்லை. பாஸ் பின்வரிசை நடுவில், 6-ஆம் இடத்திலிருந்து வரும், நீங்கள் அனுப்ப வேண்டியது வலையோரமாக 4-க்கு, அதாவது வந்த வழியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மூலைமட்டம் திருப்பி. சுவர் இதைச் சொல்லியே தராது.

என் சந்தேகம் உங்கள் காலின் மேல்தான். பாஸ் கொடுப்பவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு, பந்து கைக்கு வருகிற நேரத்தில் இடுப்புக்கு மேலே மட்டும் வலப்பக்கம் முறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி முறுக்கினால் பந்து நெற்றிக்கு மேல் இருக்காது, இடது தோளுக்கு மேல் போய்விடும். இடது கை முழுசாகத் தாங்கும், வலது கை எட்டிப் பிடிக்கப் பார்க்கும், இரண்டும் ஒரே நேரத்தில் பந்தை விடாது. சுழற்சி, விசில், பந்து உள்ளே போய் விழுவது எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து வரலாம்.

நான் சொல்வது சரியா என்று பார்க்க வழி இருக்கிறது. 6-இல் ஒருவரை நிறுத்தி இருபது பாஸ் கொடுக்கச் சொல்லுங்கள். எதையும் தூக்க வேண்டாம். செட்டுக்கு வைக்கிற அதே கையால் பந்தைப் பிடித்து, பிடித்த இடத்திலேயே சிலை மாதிரி நில்லுங்கள். பிறகு கையை மட்டும் விலக்குங்கள். பந்து நெற்றியில் விழுந்தால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். மூக்குக்கு முன்னாலோ தோளிலோ விழுந்தால் அதைக் குறித்துக்கொண்டு, அப்போது கால் விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்றும் குனிந்து பாருங்கள்.

கட்டைவிரல் வீங்கியவர்:

எனக்கும் இதே பிரச்சினைதான் சார், செட் பண்ணும்போது வலது கட்டைவிரல் பின்னால் மடங்கி வீங்கிவிட்டது, டேப் சுற்றி ஆடலாமா?

பழைய லிஃப்டர்:

உங்களுடையது வேறு. கட்டைவிரல் முன்னால் பந்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் பந்து நேராக அதன் நுனியில் மோதும். அது உங்கள் கண்ணைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். வீக்கம் இறங்காமல் டேப் சுற்றி ஆட வேண்டாம், மடக்க முடியவில்லை என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கோட்டில் நிற்பவர்:

நான் உள்ளூர் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவன், அதனால் ஒரு திருத்தம். விதிப் புத்தகத்தில் சுழற்சி என்று ஒரு தப்பே கிடையாது. பந்து சுற்றாமலே டபுள் ஆகலாம், லேசாகச் சுற்றியும் சுத்தமான செட்டாக இருக்கலாம். நான் பந்து கையில் படுகிற அந்த நேரத்தைத்தான் பார்ப்பேன். அப்புறம், அந்த விதியை எடுத்தது 2024-இல், அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில். அங்கேயும் பந்து தன் பக்கமே இருந்தால்தான், எதிர்ப்பக்கம் போய்விட்டால் தப்புத்தான். நம் ஊரில் அதைச் சொல்லி நடுவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளே வாங்கி மெதுவாக விடு என்ற யோசனையும் ஆபத்து, டபுளிலிருந்து தப்பித்துப் பிடித்து எறிந்ததற்கு விசில் வாங்குவீர்கள்.

உண்மையைச் சொன்னால், லிஃப்டர் பந்துக்கு அடியில் நேராக வந்து நின்றுவிட்டால் எங்களுக்கும் விசில் ஊதத் தோன்றாது. உடம்பைச் சாய்த்து எட்டி எடுக்கும்போதுதான் கண் கூர்மையாகிறது.

கேட்டவர்:

அண்ணா, சொன்னபடி செய்தேன். இருபதில் ஏழு நெற்றிக்கு மேல். ஒன்பது இடது தோளுக்கு மேல். மீதி நாலு முகத்துக்கு முன்னால் ரொம்பத் தாழ்வாக. ஒன்பதிலும் என் கால் விரல்கள் பாஸ் கொடுத்தவனையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் திரும்பிவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்!

இன்னொன்றும் பார்த்தேன். எங்கள் மைதானம் செம்மண், கையெல்லாம் புழுதி ஒட்டியிருக்கும். பிறகு பத்து செட் தூக்கிவிட்டுக் கையை விரித்தால், இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கை மேடு வரை புழுதி அழிந்திருக்கிறது, வலது கையில் இரண்டு விரல் நுனி மட்டும் சுத்தம்.

பழைய லிஃப்டர்:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள், புழுதி பொய் சொல்லாது. இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் உட்பக்கத்திலும் புழுதி ஒரே அளவில் அழிந்திருக்க வேண்டும், மற்ற இரண்டு விரலும் பக்கவாட்டில் லேசாகத் தொட்டிருந்தால் போதும். உள்ளங்கை மேட்டில் மண் அப்படியே இருக்க வேண்டும்.

கை வடிவத்துக்கு ஒரே ஒரு வேலை. பந்தைத் தரையில் வைத்து, மேலிருந்து இரண்டு கையாலும் விரல் விரித்து அழுத்துங்கள். பிடி மாறாமல் அப்படியே நெற்றிக்கு மேலே கொண்டுபோங்கள். அங்கே மணிக்கட்டு பின்னால் சாய்ந்து, முழங்கை ஒட்டாமலும் பறக்காமலும் இருக்கும், தலைக்கு மேல் ஒரு சின்னப் பானையைத் தாங்குகிற மாதிரி. இரண்டு ஆள்காட்டி, இரண்டு கட்டைவிரல் நடுவே தெரிகிற ஜன்னல் வழியாகப் பந்தைப் பாருங்கள். கை அவ்வளவுதான்.

இப்போது கால். வலையிலிருந்து ஒரு கை தூரத்தில், வலது தோள் வலைப் பக்கம் இருக்கும்படி வந்து சேருங்கள். ஓடும்போது கையைத் தூக்காதீர்கள், வேகம் குறையும். கடைசி இரண்டு அடி இடது, வலது. வலது கால் அரைப் பாதம் முன்னால் நிற்க, இரண்டு காலின் விரல்களும் 4-ஆம் பக்கம் வலை ஓரத்தில் நிற்கிற கொம்பைப் பார்க்க வேண்டும். பாஸ் கொடுப்பவரை இடது தோளுக்கு மேலாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும், இடுப்பு போகக் கூடாது. வலது கால் முன்னால் இருந்தால் இடுப்பு சற்றே நம் பக்கமாகச் சாய்ந்திருக்கும், தவறினாலும் பந்து வலைக்கு மேல் போகாமல் நம்மிடமே நிற்கும். பாஸ் உச்சியிலிருந்து இறங்க ஆரம்பிக்கும்போது நீங்கள் நின்றிருக்க வேண்டும், கை மேலே வந்திருக்க வேண்டும். தாழ்வாக எடுத்த அந்த நாலும் கை தாமதமாக வந்ததால்தான்.

வடமராட்சியிலிருந்து ஒரு பயிற்றுநர்:

இங்கே நாங்கள் கரப்பந்து என்போம். நான் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன், 2.24 மீட்டர் வலை. பந்து பாதியில் இறங்குகிறது என்றும் தம்பி கேட்டிருந்தார், அதற்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. உங்கள் இடத்திலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஆறு மீட்டர் வரும். அதைக் கையால் மட்டும் தள்ளப் பார்த்தால் பந்து கடைசியில் விரலிலிருந்து கோணலாகத்தான் கழன்று போகும். பந்து கைக்கு வருவதற்கு முன்பே முழங்கால் மடிந்திருக்க வேண்டும், காலும் முழங்கையும் ஒன்றாக நிமிர வேண்டும். என் பிள்ளைகள் பந்து பட்ட பிறகுதான் குனிவார்கள், அதுதான் பிழை. முதலில் மூன்று மீட்டருக்குப் பழகி, சரியாகப் போனால் ஒவ்வொரு அடியாகத் தள்ளிப் போகட்டும்.

கேட்டவர்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 4-ஆம் பக்கம் வலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஓரக்கோட்டுக்கு உள்ளே ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டேன். அட்டாக்கர் இல்லாமல் பந்தை விழவிட்டுப் பார்த்தேன். முதல் நாள் இருபதில் மூன்று டயருக்குள். நேற்று பதினொன்று. இரண்டு கையிலும் புழுதி ஏறக்குறைய ஒரே மாதிரி அழிகிறது. ஆனால் பாஸ் வலைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தாலோ, பின்னால் மூன்று மீட்டர்க் கோட்டுக்கு வந்தாலோ பழைய கதைதான். அங்கே ஓடிப்போய்க் காலைத் திருப்ப நேரமே இல்லை.

பழைய லிஃப்டர்:

பின்னால் வருகிற பந்துக்கு மட்டும் இடது, வலது என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எந்தக் கால் கடைசியில் வந்தாலும் சரி, நின்று, 4-ஐப் பார்த்து, வேகமில்லாமல் உயரமாகக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அண்டர்ஹேண்டில் தூக்கிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கோட்டில் நிற்பவர்:

வலையோரப் பந்துக்குக் குதித்து எடுக்கப் பழகலாமே, காற்றில் திரும்பிக்கொள்ளலாம்.

பழைய லிஃப்டர்:

நாலு மாதப் பையனுக்குக் குதிக்கச் சொல்லாதீர்கள் சார், காற்றில் திரும்பினால் மறுபடி அதே இடது தோள்தான். இன்னும் ஆறு மாதம் தரையில் நிற்கட்டும்.

கோட்டில் நிற்பவர்:

எங்கள் பக்கம் பையன்கள் முதல் வருஷத்திலேயே குதித்துத்தான் எடுக்கிறார்கள், நான் அவ்வளவாக விசில் ஊதுவதில்லை. ஆளைப் பொறுத்தது.

கேட்டவர்:

சரி, வலையோரப் பந்தை வருகிற ஞாயிறு வரை அண்டர்ஹேண்டிலேயே எடுக்கிறேன். பாஸ் போடுகிறவனிடமும் வலைக்கு ஒட்டிப் போடாதே என்று சொல்லியாயிற்று, கேட்கிற ஆள் இல்லை.