தங்கை ஒருவருக்கு மட்டும் விடுதலைப் பத்திரம்: பதிவு நிற்கிறது, வழி சொல்லுங்கள்

தஞ்சாவூர் மாவட்டம். உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் வீடு. வாரிசுகள் அண்ணன், அக்கா, நான். அக்கா தன் மூன்றில் ஒரு பங்கை 5 லட்சம் வாங்கிக்கொண்டு எனக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறார். அண்ணனுக்கும் முழுச் சம்மதம்.

அக்கா பங்கின் வழிகாட்டி மதிப்பு 18 லட்சம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதாவது 18,000; பதிவுக் கட்டணம் உச்சவரம்பான 10,000 என்று பத்திரம் தயார் செய்தோம். சார்பதிவாளரோ, விடுதலை என்றால் மற்ற பங்குதாரர் எல்லோருக்கும் போக வேண்டும், ஒருவருக்கு மட்டும் என்றால் கிரயம்தான், 7 சதவீதம் கட்டுங்கள் என்கிறார். தீர்வை மட்டுமே 1,26,000 ஆகிறது!

வாரிசு சான்று, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் காட்டியாயிற்று. அண்ணன் நேரில் வந்தும் பேசினார். மறுப்பை எழுத்தில் தந்தால் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், கேட்டால் வாய்மொழிதான். பத்திர எழுத்தர் செட்டில்மெண்டாக எழுதச் சொல்கிறார். சரி, ஆனால் அது பணம் வாங்காமல் கொடுப்பது. அக்கா வாங்கும் தொகையை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

அண்ணனையும் சம்மதக் கையெழுத்திட வைத்து, ஒரு பங்குதாரர் பெயருக்கு மட்டும் 1 சதவீதத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்தவர்கள் யாராவது இருந்தால், அதில் என்ன வாசகம் எழுதினீர்கள்?