ரீகால் பட்டியலில் என் டயர், உதவி வேண்டும்

வணக்கம், வேளச்சேரியில் இருக்கேன். என் கார் டயர் மாடலுக்கு அமெரிக்காவில் ரீகால் அறிவிச்சிருக்காங்க: 2022-ல் 20 முதல் 26-ஆவது வாரம் வரை தயாரானவை. டி.ஓ.டி. எண்ணின் கடைசி நாலு இலக்கம்தான் வாரமும் வருஷமும். மூணு டயரில் 3122, கவலையில்லை. நாலாவதில் வெளிப்பக்கம் எண் பாதியில் நிக்குது, தேதியே இல்லை. முழு எண் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் போதுமாம். கீழே படுத்து டார்ச் அடிச்சு உள்பக்கம் பார்த்தேன்: 2322. முன்னாடி இருக்கிற ஆலைக் குறியீடும் அப்படியே பொருந்துது.

உடனே கழற்றி ஸ்டெப்னி மாட்டிட்டேன். பில்லும் போட்டோவும் பத்திரமா இருக்கு. டீலரோ, அது அங்கே வித்த டயருக்கு மட்டும்னு சொல்றார். அதே ஆலை, அதே வாரம். குறை மட்டும் வேறயா?

இங்கே கம்பெனிக்கே நேரடியா எழுதி மாத்தி வாங்கினவங்க இருக்கீங்களா? டயரை ஒப்படைக்கும் முன் எழுத்தில் என்ன வாங்கிக்கணும்?