கண் விழித்தும் உடம்பு அசையவில்லை: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

ராத்திரிஷிப்ட்
எனக்கு இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டதும் மல்லாந்து படுத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்துக்கொள்கிறது. ஃபேன் சுற்றுவது தெரிகிறது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கிறது, ஆனால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. கதவோரம் யாரோ நிற்கிறார்கள். அப்புறம் அந்த ஆள் வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிடுகிறான். கத்துகிறேன், சத்தம் வெளியே வரவில்லை. திடீரென்று எல்லாம் விலகிவிடுகிறது.

அம்மா அமுக்குவான் பேய் என்கிறார். தலையணைக்கு அடியில் இரும்புச் சாவி வைத்திருக்கிறார். இந்த மாதம் அடிக்கடி வருவதால் படுக்கவே பயமாக இருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? டாக்டரிடம் போக வேண்டிய விஷயமா?

தஞ்சைப் பொண்ணு
எனக்குக் கல்லூரி விடுதியில் தேர்வுச் சமயங்களில் வரும். தூக்கம் கெட்ட வாரம் என்றால் நிச்சயம். முழு உடம்பையும் உதறப் பார்த்தால் பயம்தான் கூடும். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், அது அசைந்தால் மற்றதும் வந்துவிடும். கண்ணை இடமும் வலமும் உருட்டினாலும் எனக்கு விட்டுவிடும். இப்போது என் கணவருக்கும் தெரியும். என் மூச்சு ஒரு மாதிரி மாறினால் தோளைத் தொடுவார், போதும்.

சாவியை எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். என் பாட்டி வைத்தபோது எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

கோவை மூர்த்தி
மல்லாந்து படுப்பதுதான் காரணம். முதுகெலும்பு நரம்பு அழுந்தி, மூளைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. இடது பக்கமாகப் படுங்கள், பி12 மாத்திரை போடுங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

லேப் டெக்னீஷியன்
ஒரு மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை.

மூர்த்தி அண்ணா சொன்னதில் பாதி சரி. மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வரத்தான் செய்கிறது. ஆனால் நரம்பும் அழுந்தவில்லை, ரத்தமும் குறையவில்லை. கனவு காணும் தூக்கத்தில் மூளை நம் கை கால் தசைகளை வேலை செய்யவிடாமல் நிறுத்தி வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலில் இருந்து விழுவோம். சிலசமயம் முழிப்பு முதலில் வந்துவிடுகிறது, தசை விடுபடச் சற்றுத் தாமதமாகிறது. கனவும் முழுக்கக் கலைந்திருக்காது, அதனால்தான் கதவோரம் ஆள். மூச்சுக்கு முக்கியமான உதரவிதானம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நெஞ்சுத் தசைகள் உதவாததால் நினைத்தபடி ஆழமாக இழுக்க முடியாது. மேலே யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பது அதனால்தான்.

ஷிப்ட் தம்பி, கனவுத் தூக்கம் விடியற்காலையிலும் காலையிலும்தான் கனமாக வரும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில், தூக்கக் கடனோடு போய்ப் படுக்கிறீர்கள். எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். நன்றாகத் தூங்கிய விடுமுறை நாளிலும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா? வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கியதுண்டா? குறட்டை உண்டா?

வேலூர்க்காரன்
எங்கள் அப்பாவுக்கும் இதே பிரச்சினைதான். வயது 64. தூக்கத்தில் யாரையோ அடிக்கிறார், எட்டி உதைக்கிறார். போன வாரம் அம்மாவின் கன்னத்தில் குத்து விழுந்தது. கட்டைவிரல் வைத்தியம் அவருக்கும் சரிப்படுமா?

லேப் டெக்னீஷியன்
இது நேர் எதிரானது சார். தம்பிக்கு உடம்பு தேவைக்கு மேல் நின்றுபோகிறது, அப்பாவுக்கு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. அந்த வயதில் இது புதிதாக வந்தால் நரம்பியல் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். சிலருக்குப் பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முன்பே வரும் அறிகுறி இது. இப்போதைக்கு அம்மா வேறு கட்டிலில் படுக்கட்டும், பக்கத்தில் இருக்கும் கூரான சாமான்களை எடுத்துவிடுங்கள்.

மல்லிகை
முழங்கால் மடங்குமா என்று கேட்டீர்களே, என் கதையே அதுதான்.

பிளஸ் ஒன்னில் தொடங்கியது. வகுப்பில் தூங்குவேன், பரீட்சை ஹாலிலும் தூங்குவேன். வாத்தியார்கள் சோம்பேறி என்றார்கள். படுத்தவுடனே கனவு, அதுவும் நிஜம்போல. அறைக்குள் ஆட்கள் நடப்பார்கள், நான் அசைய முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் தர்காவுக்கும் கூட்டிப்போனார்கள், கோடங்கியிடமும் போனோம்.

அப்புறம்தான் அந்த விழுதல் வந்தது. அக்கா கல்யாணத்தில் சித்தப்பா ஒரு ஜோக் சொன்னார். சிரிக்கத் தொடங்கியதும் தாடை தொங்கியது, தலை சாய்ந்தது, கையில் இருந்த காபி டம்ளர் நழுவியது, முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் இல்லை, எல்லோரும் பேசுவது கேட்டது. அரை நிமிடத்தில் எழுந்தேன். வலிப்பு என்று நினைத்து இ.இ.ஜி. எடுத்தார்கள், நார்மல். ஆனாலும் வெகுகாலம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டேன். ஒரு பயனும் இல்லை.

கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர், “சிரிக்கும்போது மட்டுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் தூக்கப் பரிசோதனைக்கு எழுதினார். ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர்களோடு தூங்க வேண்டும். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இருபது நிமிடம் படுக்கச் சொல்வார்கள். எவ்வளவு சீக்கிரம் தூக்கம் வருகிறது, உடனே கனவுத் தூக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு இரண்டுமே வந்தது. நார்கோலெப்சி என்றார்கள்.

இப்போது காலையில் மோடாபினில், விழாமல் இருக்க வேறொரு மாத்திரை, மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம். கட்டுக்குள் வரும்வரை ஸ்கூட்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முழுக்கக் குணமாகவில்லை, ஆனால் வேலைக்குப் போகிறேன். அன்று யாராவது சிரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் என் படிப்பு இப்படி நாசமாகியிருக்காது.

ஈரோடு பாய்
என் தம்பிக்கு நடந்ததையும் சொல்கிறேன். ராத்திரி கல்யாண வீட்டில் பிரியாணியும் ஸ்வீட்டும் நிறையச் சாப்பிட்டுப் படுத்தான். காலையில் கால் தூக்க முடியவில்லை, கையும் பலமில்லை. ஆனால் தெளிவாகப் பேசினான், எந்த உருவமும் தெரியவில்லை. பேய் அமுக்கிவிட்டது, விட்டுவிடும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வெயில் ஏறியும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தால் பொட்டாசியம் மிகக் குறைவு. பொட்டாசியம் கொடுத்தபின் மாலைக்குள் எழுந்து நடந்தான். பிறகு பார்த்ததில் தைராய்டு அதிகம்.

லேப் டெக்னீஷியன்
இதை எல்லோரும் கவனியுங்கள். அமுக்குவான் சில நொடியில், மிஞ்சினால் சில நிமிடத்தில் போய்விடும், யாராவது தொட்டால் கலைந்துவிடும். நன்றாக விழித்துப் பேசும் ஆளுக்குக் கை கால் எழவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தாலோ வாய் கோணினாலோ பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

ராத்திரிஷிப்ட்
சிரிக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. குறட்டை பற்றி அம்மாவிடம் கேட்டேன், உண்டு, நடுவில் மூச்சு நின்று திணறுவேனாம். எனக்கு இதுவரை தெரியாது. எழுந்ததும் தலைவலி இருக்கும், அதை ஷிப்ட் அலுப்பு என்று நினைத்திருந்தேன். லீவு நாளிலும் பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுவேன்.

லேப் டெக்னீஷியன்
அப்படியென்றால் காட்டத்தான் வேண்டும். மூச்சு அடைபட்டு அடிக்கடி முழிப்பு வந்தாலும் அமுக்குவான் அதிகமாகலாம். அது மட்டும்தான் காரணமா, ஷிப்டும் சேர்ந்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அம்மாவை ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், அமுக்கிய நாள் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுங்கள்.

கோவை மூர்த்தி
நானும் அதைத்தானே சொன்னேன், பக்கவாட்டில் படு என்று! பி12 பார்ப்பதிலும் தப்பில்லை தம்பி.

ராத்திரிஷிப்ட்
சரி அண்ணா. வீடியோ இன்று காலையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பகல் ஷிப்டுக்கு மாற்ற டாக்டர் கடிதம் கொடுத்தால் கம்பெனியில் ஏற்பார்களா? யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.